விமானச் சரக்கில் பெட்டி நசுங்கி வந்தால் ஃபார்வர்டரிடம் எப்படி கிளெய்ம் செய்வது?

கேள்வி: ஜெர்மனியிலிருந்து விமானத்தில் வந்த சென்சார் பெட்டிகள் நேற்று எங்கள் பீன்யா குடோனுக்கு வந்தன. பன்னிரண்டில் மூன்று நசுங்கியிருக்கின்றன. குடோன் பையன் பார்க்காமல் டெலிவரி சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டான். ஃபார்வர்டருக்கு என்ன எழுத வேண்டும், எந்த மாதிரி போட்டோ வேண்டும்?

பதில்:

பெங்களூரில் ஒரு ஃபார்வர்டர் அலுவலகத்தில் கிளெய்ம் பார்க்கிற வேலை எனக்கு. கையெழுத்துப் போட்டதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. குறிப்பு எதுவும் எழுதாத கையெழுத்து, சரக்கு நல்லபடியாக வந்தது என்பதற்குச் சாட்சியாகிவிடும். இல்லை என்று காட்ட வேண்டிய பொறுப்பு உங்கள் தலையில் விழும். போட்டோக்கள் அதற்குத்தான் வேண்டும்.

உரிமையே போவது கெடு தவறினால்தான். சர்வதேச விமானச் சரக்குக்கு மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, சேதம் பற்றிய புகார் சரக்கைப் பெற்ற 14 நாளுக்குள் எழுத்தில் போக வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது. பீன்யாவுக்கு வந்த தேதியிலிருந்து எண்ணாதீர்கள். தேவனஹள்ளி சரக்கு முனையத்தில் உங்கள் கஸ்டம்ஸ் புரோக்கர் பெட்டிகளை எடுத்த தேதியிலிருந்து எண்ணுங்கள். அதுதான் பெற்ற நாள் என்று விமான நிறுவனம் வாதாடும். புரோக்கர் எடுக்கும்போதே சேதக் குறிப்பு ஏதும் போட்டிருந்தாரா என்று உடனே கேளுங்கள். அப்படி ஒரு தாள் இருந்தால், உங்கள் லாரியில்தான் நசுங்கியது என்று யாரும் சொல்ல முடியாது.

இன்றே அனுப்ப வேண்டிய மின்னஞ்சலில் தொகை வேண்டியதில்லை. ஃபார்வர்டர் தரும் ஹவுஸ் ஏர்வே பில், விமான நிறுவனத்தின் மாஸ்டர் ஏர்வே பில் இரண்டின் எண்கள், பெற்ற தேதி, எந்தெந்தப் பெட்டி எண், வெளியே என்ன சேதம் என்று எழுதுங்கள். இழப்புக்கு உங்களையே பொறுப்பாக்குகிறோம், தொகை பின்னர் தெரிவிப்போம் என்ற வரி கண்டிப்பாக இருக்கட்டும். ஃபார்வர்டருக்கும் விமான நிறுவனத்துக்கும் சேர்த்தே அனுப்புங்கள். நாங்கள் வெறும் ஏஜென்ட்தான் என்று ஃபார்வர்டர் சொல்லக்கூடும். ஹவுஸ் பில்லில் சரக்கைக் கொண்டுசேர்க்கப் பொறுப்பேற்கும் கேரியர் தானே என்று போட்டுக் கையெழுத்திட்டிருந்தால் அந்தப் பேச்சு எடுபடாது.

இனி போட்டோ. எங்களிடம் வருகிற படங்களில் பெரும்பாலும் நசுங்கிய மூலை மட்டும் பெரிதாகத் தெரியும். அது எந்தப் பெட்டி என்று தெரியாது, ஆகவே பயன்படாது. ஒவ்வொரு பெட்டிக்கும் ஏர்வே பில் லேபிள் தெரியும்படி முதல் படம், பிறகு ஆறு பக்கங்கள், அதன்பின் சேதத்தின் அருகே ஸ்கேல் வைத்து ஒன்று. பெட்டியைத் திறக்கும்போது அடுக்கடுக்காக எடுங்கள்: டேப், உள்ளே உள்ள நுரை, பிறகு சீரியல் எண்ணோடு சென்சார். நன்றாக வந்த ஒன்பதில் ஒன்றையும் அதேபோல் திறந்து எடுங்கள். பேக்கிங் சரியில்லை என்பதுதான் கேரியர் வழக்கமாகச் சொல்லும் காரணம். அது நிரூபணமானால் அவருக்குப் பொறுப்பில்லை. அதே நுரையோடு ஒன்பது பெட்டி பத்திரமாக வந்திருப்பது அதற்கு வலுவான பதில். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் எடுத்த நேரம் முதலான விவரங்கள் அழிந்துவிடும், மூலக் கோப்பையே மின்னஞ்சலில் இணையுங்கள். அட்டை, நுரை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

காப்பீடு இருந்தால் அவர்களுக்கும் இன்றே சொல்லி சர்வேயரை வரச் சொல்லுங்கள். அவர் பார்க்கும் முன் பழுது பார்க்கவோ ஜெர்மனிக்குத் திருப்பி அனுப்பவோ கூடாது. சர்வே அறிக்கை வந்தபின் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், இரண்டு ஏர்வே பில், பில் ஆஃப் என்ட்ரி, டெலிவரி சீட்டு, படங்கள், பழுதுபார்ப்பு மதிப்பீடு எல்லாம் சேர்த்துத் தொகையோடு முறையான கிளெய்ம் போகும்.

எவ்வளவு கிடைக்கும் என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஏர்வே பில்லில் மதிப்பு அறிவிக்காதபோது கேரியரின் பொறுப்பு எடைக்குத்தான், பொருளின் விலைக்கு அல்ல. 2024 டிசம்பர் 28 முதல் ஒப்பந்த வரம்பு கிலோவுக்கு 26 எஸ்.டி.ஆர்., அதாவது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. பெட்டி 18 கிலோ என்றால் மூன்றுக்கும் 54 கிலோ, 1,404 எஸ்.டி.ஆர். ஓர் எஸ்.டி.ஆருக்கு 120 ரூபாய் என்று வைத்தால் சுமார் 1.7 லட்சம். மொத்தப் பன்னிரண்டு பெட்டியின் எடையையும் கணக்கில் கேட்டால் பொதுவாக ஏற்க மாட்டார்கள். சென்சார்கள் 6 லட்சம் பெறும் என்றால் மீதியைக் காப்பீட்டில்தான் வாங்க வேண்டும்.

இதனால் ஃபார்வர்டர் ஒரு தொகை கொடுத்து, இத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று கையெழுத்துக் கேட்டால் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் போடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்தபின் கேரியரிடம் அதை வசூலிக்கும் உரிமை அவர்களுக்கு வருகிறது. நீங்கள் அதை விட்டுக்கொடுத்தால் அவர்கள் உங்கள் கிளெய்மையே மறுக்கலாம். பேச்சு இழுத்தடித்தால் வழக்குப் போட சரக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.