எண்ணெயால் ஏறும் பணவீக்கமும் வட்டியும்

கேள்வி: பணவீக்க இலக்கு வைத்திருக்கும் மத்திய வங்கி, எண்ணெய் விலை ஏறினால் வட்டியை உயர்த்த வேண்டுமா?

உடனே உயர்த்தக் கூடாது என்பேன். 1990-ல் நியூசிலாந்து தொடங்கிவைத்த இந்த இலக்கு முறையின் பெரிய பலமே மக்களின் நம்பிக்கைதான். இலக்கு 2 சதவீதம் என்று நம்பினால், சம்பளமும் விலையும் அதையொட்டியே முடிவாகும். மேலும், வட்டி உயர்வு பொருள்களுக்கான தேவையைத்தான் குறைக்கும், எண்ணெய் வரத்தைக் கூட்டாது. அதன் தாக்கம் முழுமையாகத் தெரிய ஓராண்டுக்கு மேல் ஆகும். ஒருமுறை ஏறிய விலையோ 12 மாதத்தில் பணவீக்கக் கணக்கிலிருந்து விலகிவிடும்.

2011-ல் எண்ணெய் விலை ஏறியபோது ஐரோப்பிய மத்திய வங்கி ஏப்ரலிலும் ஜூலையிலும் உயர்த்தி, வட்டியை 1.5 சதவீதமாக்கியது. கடன் நெருக்கடியில் தவித்த நாடுகளுக்கு அது கூடுதல் அடி. நவம்பரிலேயே குறைக்க வேண்டி வந்தது.

சரி, எப்போது உயர்த்தலாம்? சம்பள ஒப்பந்தங்களும், உணவு, எரிபொருள் நீக்கிய பணவீக்கமும் சேர்ந்து ஏறத் தொடங்கினால் தயங்கவே கூடாது.