போனஸ் பங்குக்கு அடக்கவிலை பூஜ்ஜியம்

கேள்வி: 2014-ல் வாங்கின ஷேர். நடுவுல ஸ்பிளிட் ஆச்சு, அப்புறம் போனஸ் வந்துச்சு. ஆப்ல காட்டுற ஆவரேஜ் விலையை வெச்சே வரி கணக்குப் போடலாமா? 2018 ஜனவரி விலைன்னு வேற சொல்றாங்களே, அதை எப்படி எடுக்கறது?

போடக் கூடாது. என் மாமா கணக்கில் அப்படி ஒரு குளறுபடி நடந்து, ரிட்டர்னைத் திருத்தித் தாக்கல் செய்ய வேண்டியதாகிவிட்டது. அதையே உதாரணமாகச் சொல்கிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். எண்களை எளிதாகக் கணக்குப் போடும்படி முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

மாமா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீடு திருவொற்றியூர் தேரடி பக்கம். 2014-ல் ஒரு கம்பெனியில் 100 பங்கு, ஒன்று 640 ரூபாய் என்று வாங்கினார். மொத்தம் 64,000. 2019-ல் ஸ்பிளிட்: 10 ரூபாய் முகமதிப்புப் பங்கு 2 ரூபாய்ப் பங்காக உடைந்தது, 100 என்பது 500 ஆனது. 2022-ல் ஒன்றுக்கு ஒன்று போனஸ், 500 என்பது 1,000 ஆனது. 2024 நவம்பரில், மாடி எடுத்துக் கட்டுவதற்காக ஆயிரத்தையும் 450 ரூபாய்க்கு விற்றார். கைக்கு வந்தது 4,50,000.

ஆப் காட்டிய ஆவரேஜ் 64 ரூபாய். 64,000-ஐ ஆயிரத்தால் வகுத்த கணக்கு. போட்ட காசு எவ்வளவு பெருகியது என்று பார்க்க அது சரியான எண்தான். ஆனால் வரிச் சட்டம் இந்த ஆயிரம் பங்கையும் ஒரே குவியலாகப் பார்ப்பதில்லை. ஐந்நூறு, ஐந்நூறு என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறது.

ஸ்பிளிட் என்பது வெறும் சில்லறை மாற்றுவது போலத்தான். ஒரு பங்கை ஐந்தாக்கினால் பழைய அடக்கவிலையும் ஐந்தாகப் பிரியும். 640 என்பது 128 ஆகிவிடும். வாங்கிய தேதி அதே 2014. போனஸ் அப்படியல்ல. கம்பெனி தன் ரிசர்விலிருந்து எடுத்துப் புதுப் பங்கு தருகிறது, முகமதிப்பு மாறாது. நீங்கள் அதற்குக் காசு கொடுக்கவில்லை, அதனால் அதன் அடக்கவிலை பூஜ்ஜியம். வாங்கிய தேதியும் போனஸ் ஒதுக்கப்பட்ட தேதிதான், 2014 இல்லை. உங்கள் டீமேட் ஸ்டேட்மென்டில் எது ஸ்பிளிட், எது போனஸ் என்று குழப்பம் வந்தால் முகமதிப்பைப் பாருங்கள். அது குறைந்திருந்தால் ஸ்பிளிட். ஸ்பிளிட்டில் பங்கின் அடையாள எண்ணான ஐஎஸ்ஐஎன்-னும் மாறியிருக்கும்.

ஆக, மாமாவிடம் இருந்தது 128 ரூபாய் அடக்கத்தில் 500, பூஜ்ஜியம் அடக்கத்தில் 500. இதன் மேல்தான் 2018 விலை வந்து உட்காருகிறது.

2018 பிப்ரவரி 1-க்கு முன் வாங்கிய பங்கென்றால், 2018 ஜனவரி 31 அன்று சந்தையில் போன உச்ச விலையை அடக்கமாக எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அதில் ஒரு படி உண்டு. முதலில் அந்த 2018 விலையையும் நீங்கள் விற்ற விலையையும் பக்கத்தில் வைத்து, குறைவானதை எடுங்கள். அதையும் நிஜமாக வாங்கிய விலையையும் ஒப்பிட்டு, இப்போது அதிகமானதை எடுங்கள். மாமாவின் பங்கு அன்று 1,500 ரூபாய் வரை போயிருந்தது. ஸ்பிளிட் அதற்குப் பிறகு வந்ததால் 1,500-ஐ ஐந்தால் வகுக்க வேண்டும்: 300. விற்ற விலை 450, குறைவானது 300. வாங்கிய விலை 128, அதிகமானது 300. எனவே பழைய 500 பங்குக்கு அடக்கம் ஒன்றுக்கு 300, மொத்தம் 1,50,000. போனஸ் 2022-ல் வந்தது, 2018 சலுகை அதற்குக் கிடையாது, அடக்கம் பூஜ்ஜியமே. (போனஸ் 2018 பிப்ரவரிக்கு முன்பே வந்திருந்தால் அதற்கும் ஜனவரி 31 விலை கிடைத்திருக்கும்.)

லாபம் 3,00,000. இதில் 1,25,000 வரை வரி இல்லை. மீதி 1,75,000-க்கு பன்னிரண்டரை சதவீதம் 21,875, செஸ்ஸோடு 22,750.

ஆனால் தாக்கலான ரிட்டர்னில் வரி 32,500 என்று இருந்தது. மாமா போன் போட்டு, "இன்னாடா இது, நீ சொன்னதுக்கு மேல பத்தாயிரம் கேக்குறாங்க" என்றார். வண்ணாரப்பேட்டையில் ரிட்டர்ன் போட்டுக் கொடுத்தவரின் கணக்குத்தாளை வாங்கிப் பார்த்தேன். பழைய 500 பங்குக்கு 2018 விலை 150 என்று எழுதியிருந்தார்.

அந்த 150 எங்கிருந்து வந்தது? சார்ட்டில் இருந்து. பங்கு விலை சார்ட்டில் பின்னோக்கிப் போனால் தெரிவது அன்று நிஜமாக நடந்த விலை அல்ல. பின்னால் வந்த ஸ்பிளிட்டையும் போனஸையும் கழித்துச் சீராக்கிய விலை. கோடு திடீரென்று விழாமல் ஒழுங்காகத் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்கள். 1,500-ஐ ஸ்பிளிட்டுக்காக ஐந்தாலும் போனஸுக்காக இரண்டாலும் வகுத்தால் 150. அவர் அதைப் பழைய பங்குக்குப் போட்டு, போனஸ் பங்குக்கும் பூஜ்ஜியம் போட்டுவிட்டார். போனஸால் வந்த குறைவு இரண்டு தடவை கழிந்துவிட்டது. 75,000 ரூபாய் அடக்கம் காணாமல் போனது, 9,750 ரூபாய் வரி கூடுதலானது. நல்ல மனிதர்தான், அனுபவமும் இருக்கிறது. சார்ட் பார்க்கச் சுலபமாக இருக்கிறதே!

ஜனவரி 31 விலையை ஸ்பிளிட்டுக்காக மட்டும் வகுக்க வேண்டும், போனஸுக்காக வகுக்கக் கூடாது. என்னைக் கேட்டால் இந்த ஒரு வரிதான் முக்கியம். அதற்கு அன்றைய அசல் விலை வேண்டும். என்எஸ்இ, பிஎஸ்இ இரண்டுமே தினமும் பவ்காப்பி என்று ஒரு கோப்பு வெளியிடுகின்றன. 2018 ஜனவரி 31-ம் தேதிக் கோப்பை இறக்கி, உங்கள் பங்கின் வரியில் `HIGH` என்ற பத்தியைப் பாருங்கள். `CLOSE` அல்ல. அதில் பழைய ஐஎஸ்ஐஎன் எண்தான் இருக்கும், இப்போதைய எண்ணைத் தேடினால் கிடைக்காது. கம்பெனியின் குறியீட்டை வைத்துத் தேடுங்கள். ரிட்டர்னில் இரண்டு வரியாக எழுத வேண்டும்: 2018-க்கு முந்தைய 500 தனி வரி, போனஸ் 500 தனி வரி, அடக்கம் 0.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் இன்னும் விற்கவில்லை என்ற நினைப்பில். டீமேட்டில் முதலில் வந்தது முதலில் போகும் என்பதுதான் கணக்கு. கொஞ்சம் கொஞ்சமாக விற்றால் பழைய பங்குதான் முதலில் விற்றதாகும். போனஸை மட்டும் விற்கிறேன் என்று தேர்ந்தெடுக்க முடியாது. இரண்டு டீமேட் கணக்கு இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரிசை. மாமா அவசரப்படாமல் மார்ச்சில் 610, ஏப்ரலில் 390 என்று விற்றிருந்தால், விலை அதே 450 என்று வைத்துக்கொண்டால், மார்ச் லாபம் 1,24,500. வரியே இல்லை. ஏப்ரலில் விற்ற 390-ம் போனஸ், லாபம் 1,75,500. புது வருஷத்து 1,25,000 கழிந்து, செஸ்ஸோடு வரி 6,565. 22,750-க்குப் பதில் ஆறாயிரத்துச் சொச்சம். ஆனால் கொத்தனார் ஏப்ரல் வரை காத்திருக்கமாட்டார்.

போனஸ் வந்து பன்னிரண்டு மாதம் முடிவதற்குள் அதை விற்றால் வலி இன்னும் அதிகம். அது குறுகிய கால லாபம், 20 சதவீதம், அதுவும் முழு விற்பனை விலைக்கும். 2025 ஜூன் 16-ம் தேதி பஜாஜ் ஃபைனான்ஸில் ஸ்பிளிட்டும் போனஸும் ஒரே நாளில் வந்தன. ஒரு பங்கு இரண்டாகி, அந்த ஒவ்வொன்றுக்கும் நான்கு போனஸ், ஆக ஒன்று பத்து. அன்று காலை ஆப்பில் தொண்ணூறு சதவீதம் நஷ்டம் என்று பார்த்துப் பதறியவர்கள் எங்கள் ஆபீஸிலேயே இருந்தார்கள். 2023-ல் 7,000 ரூபாய்க்கு வாங்கிய ஒருவர், 2025-லேயே பத்தையும் 900 ரூபாய்க்கு விற்றார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அவர் லாபம் 2,000 ரூபாய்தான். சட்டத்தின் கணக்கில், 7,000 ரூபாய் அடக்கமும் இரண்டு பழைய பங்கின் தலையில்: ஒன்றுக்கு 3,500, விற்றது 900, இரண்டிலும் சேர்த்து 5,200 நீண்ட கால நஷ்டம். எட்டு போனஸ் பங்கிலும் 7,200 குறுகிய கால லாபம். நீண்ட கால நஷ்டத்தைக் குறுகிய கால லாபத்தில் கழிக்க முடியாது. 2,000 சம்பாதித்தவர் 7,200-க்கு வரி கட்டுவார், 1,440 ரூபாய், செஸ் தனி. நஷ்டத்தை எட்டு வருஷம் தூக்கிக்கொண்டு போகலாம், அதைக் கழிக்க வேறு நீண்ட கால லாபம் வந்தால்.

2018-க்கு முந்தைய பங்கில் இந்த நஷ்டம்கூடக் கிடைக்காமல் போகலாம். மாமா 250-க்கு விற்றிருந்தால், 300-க்கும் 250-க்கும் குறைவானது 250, அடக்கம் அதுவாகிவிடும். லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. போனஸ் 500-க்கு மட்டும் 1,25,000 லாபம் நின்றிருக்கும். நிஜமாக வாங்கிய விலைக்கும் கீழே விற்றால்தான் நஷ்டம் என்று எழுத முடியும்.

புரோக்கரை மாற்றியிருந்தால் ஆப்பில் ஆவரேஜ் காலியாகவோ தப்பாகவோ இருக்கும். வருமான வரித் துறை தரும் ஏஐஎஸ் அறிக்கையில் வரும் அடக்கவிலையையும் அப்படியே எடுக்காமல் ஒருதரம் சரிபாருங்கள். 2014 கான்ட்ராக்ட் நோட் கிடைத்தால் அதுதான் உறுதியான ஆதாரம். அதில் இருக்கும் புரோக்கரேஜையும் அடக்கத்தோடு சேர்க்கலாம், பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி-யைச் சேர்க்க முடியாது. மாமாவுடையது பீரோவில் ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது.