சர்வீஸ் சென்டரில் அழிந்த கேம் கணக்கு: நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: வக்கீல் சார், சார்ஜ் ஏறவில்லை என்று என் போனை வண்ணார்பேட்டையில் ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன். 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு சார்ஜிங் போர்ட்டை மாற்றியவர்கள், என்னைக் கேட்காமலே ஃபேக்டரி ரீசெட்டும் செய்துவிட்டார்கள். என் 15 வயது மகன் அதில் கெஸ்ட்டாக ஆடிவந்த கேம் அடியோடு போய்விட்டது. என் கார்டிலிருந்து 14,000 ரூபாய் வரை அதில் கட்டியிருக்கிறான். கடையில் கேட்டால், "தகவல் இழப்புக்குப் பொறுப்பல்ல என்ற ரசீதில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே அண்ணாச்சி" என்கிறார்கள். இப்போது மைக் வேலை செய்யாததால் போனை மறுபடியும் கொடுக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வழக்கு இருக்கட்டும், முதலில் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். அந்த கேமை மறுபடி இறக்கி, புதுக் கணக்கு தொடங்கி, அதைக் கூகுள் கணக்கோடு இணைத்துவிட வேண்டாம். பல கேம்களில் ஒரு கூகுள் கணக்கோடு ஒரு கேம் கணக்கைத்தான் இணைக்க முடியும். வெறும் புதுக் கணக்கு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால், பழையதை மீட்கும்போது அதுவே தடையாக நிற்கும்.

ஆன்லைன் கேமாக இருந்தால், பையன் சேர்த்ததெல்லாம் பெரும்பாலும் கம்பெனியின் சர்வரில்தான் இருக்கும். கெஸ்ட்டாக ஆடும்போது அதைத் திறக்கும் சாவி மட்டும் போனில் இருக்கும். ரீசெட்டில் அழிந்தது அந்தச் சாவிதான். ஆகவே கணக்கு உங்களுடையது என்று நிரூபித்தால் மீட்க வாய்ப்பு உண்டு.

பணம் கட்டியது இங்கே கை கொடுக்கும். பிளே ஸ்டோரில் Payments & subscriptions, அதற்குள் Budget & history போய்ப் பாருங்கள். வாங்கிய ஒவ்வொன்றும் தேதியோடு இருக்கும். அதே விவரம் ஜிமெயிலுக்கும் ரசீதாக வந்திருக்கும். அதில் GPA என்று தொடங்கும் ஆர்டர் எண் இருக்கும். இவை கூகுள் கணக்கில் இருப்பதால் ரீசெட்டால் அழியாது. கேமில் மகனுடைய பிளேயர் ஐடி அவனுடைய கூட்டாளிகளின் ஃப்ரெண்ட் லிஸ்ட்டில் கிடைக்கும். ஐடி, ஆர்டர் எண்கள், கடைசியாக ஆடிய நாள், போன் மாடல் எல்லாவற்றையும் சேர்த்து கேம் கம்பெனியின் சப்போர்ட்டுக்கு எழுதுங்கள். முடியாது என்று பதில் வந்தாலும் பத்திரப்படுத்துங்கள். இழப்பு மீட்க முடியாதது என்பதற்கு அதுவே சாட்சி.

சரி, கடைக்காரர் விஷயம். காசு வாங்கிக்கொண்டு செய்த வேலையில் கவனக்குறைவு இருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(11)-இன்படி அது சேவைக் குறைபாடு. கையெழுத்துப் போட்டதாலேயே உங்கள் கை கட்டப்பட்டுவிடாது. சாஃப்ட்வேர் கோளாறு என்று கொடுத்திருந்தால் அந்த வாசகம் கடைக்காரரைக் காப்பாற்றக்கூடும். சார்ஜிங் போர்ட் மாற்ற ரீசெட் தேவையே இல்லை. தேவையில்லாததை, கேட்காமல் செய்தார்கள் என்பதே உங்கள் வாதம். ரசீதில் கோளாறு என்ன என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வழக்கின் பாதி அந்த ஒரு வரியில் இருக்கிறது.

ஆனால் 14,000 ரூபாயும் அப்படியே கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கேமில் வாங்கும் பொருட்களுக்குப் பண மதிப்பு இல்லை, பயன்படுத்தும் உரிமைதான் உண்டு என்று கம்பெனிகள் விதிமுறைகளிலேயே எழுதிவைக்கின்றன. எதிர்த்தரப்பு அதைத் தூக்கிக் காட்டும். நஷ்டஈடு, மன உளைச்சல், வழக்குச் செலவு என்று கேளுங்கள். ஆணையம் நியாயமாகத் தோன்றும் தொகையை முடிவு செய்யும்.

முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கொடுங்கள். பதில் இல்லையென்றால் திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சம்பவத்திலிருந்து 2 ஆண்டுக்குள் மனு போடலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. மகன் மைனர் என்பதாலும், கடைக்குப் பணம் கொடுத்தது நீங்கள் என்பதாலும் மனு உங்கள் பெயரில் இருக்கட்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் பிரிவு 43-இலும் அனுமதியின்றித் தகவலை அழித்ததற்கு இழப்பீடு கேட்க வழி உண்டு. ஆனால் அதை விசாரிப்பவர் மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர். இந்தத் தொகைக்காகச் சென்னைக்கு அலைவது வீண்.

அப்புறம், மைக்குக்காகப் போனைக் கொடுக்கும் முன்பு: கணக்கு மீண்டு வந்திருந்தால், கேமின் செட்டிங்ஸில் அதைக் கூகுளோடு இணையுங்கள். இணைத்ததோடு விட்டுவிடாமல், வீட்டில் உள்ள வேறொரு போனில் அதே கூகுள் கணக்கால் நுழைந்து, அதே பிளேயர் ஐடி தெரிகிறதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு பேக்கப் ஆன் செய்திருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள்; எதைச் சேமிக்கலாம் என்பதை ஆப் செய்தவர்தான் முடிவு செய்கிறார், லாகின் சாவி அதில் பெரும்பாலும் இருக்காது.

ரீசெட்டுக்குப் பிறகு போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்கலாம். கடையில் பாஸ்வேர்டு சொல்லாதீர்கள், நேரில் போய் நீங்களே அடியுங்கள். இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால், கூகுள் தரும் 8 இலக்க பேக்கப் கோடுகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஓடிபி வர சிம்மைக் கழற்றி வேறு போனில் போடுங்கள். இந்த முறை ரசீதில் "மைக் மட்டும், கேட்காமல் ரீசெட் செய்யக்கூடாது" என்று உங்கள் கையாலேயே எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் வேறு கடைக்குப் போங்கள்.