500 சாரனில் 50 பார்த்து அனுப்புகிறவர் கடைக்கு என்ன வாக்குக் கொடுக்கலாம்?

கேள்வி: மருதமுனையில பத்துப் பன்னிரண்டு தறிக்காரரிட்ட சாரன் எடுத்துக் கொழும்புக் கடைக்கு அனுப்புறேன். 500 சாரன் ஒரு தொகுதி. அதில 50 எடுத்து விரிச்சுப் பார்ப்பேன். பிழையானது ஒண்டு வந்தா அதை மட்டும் மாத்தி அனுப்பிடுவேன். ரெண்டு வந்திட்டா 500ஐயும் விரிச்சுப் பார்த்து, பிழையானதெல்லாம் எடுத்து நல்லதை வைப்பேன். இப்ப கடைக்காரர், "உங்கட சரக்கில ஆகக் கூடினது எத்தனை வீதம் பிழை வரும், எழுதித் தாங்க" எண்டு கேட்கிறார். எனக்கு வாற சரக்கே ஒரு கிழமை நல்லா இருக்கு, ஒரு கிழமை மோசமா இருக்கு. நான் எதை எழுத?

பதில்: ஒன்றரை வீதம் என்று எழுதலாம். ஆனால் அந்த எண்ணோடு "சராசரியில்" என்ற சொல்லும் கட்டாயம் போக வேண்டும். அதை விட்டுவிட்டு எழுதினால் முதலாவது முறைப்பாட்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

உங்களிடம் வரும் சரக்கு கூடிக் குறைவதுதான் உங்களை யோசிக்க வைத்திருக்கிறது. நீங்கள் செய்யும் முறையில் அது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. ஒரு கிழமை நூற்றுக்கு ஒன்று பிழையாக வருகிறது என்று வையுங்கள். அப்படிப்பட்ட 100 தொகுதி வந்தால், 91 தொகுதி உங்கள் 50 சாரன் சோதனையைத் தாண்டிவிடும். தாண்டிய ஒவ்வொன்றிலும் நீங்கள் விரித்துப் பார்க்காத 450 சாரனுக்குள் நாலைந்து பிழை ஒளிந்திருக்கும். மற்ற ஒன்பது தொகுதியை முழுக்கப் பார்த்துச் சுத்தம் செய்துவிடுகிறீர்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கடைக்குப் போய்ச் சேரும் பிழை 0.8 வீதம்.

இனி மோசமான கிழமை. நூற்றுக்குப் பத்து பிழை. இப்போது 100 தொகுதியில் மூன்றுதான் தாண்டும். மீதி 97ம் உங்கள் கையால் முழுக்கப் பிரிபட்டுச் சுத்தமாகப் போகும். கடைக்குப் போகும் சராசரிப் பிழை 0.3 வீதம். தறியில் பிழை பத்து மடங்கு கூடியும் கடைக்குப் போவது குறைந்துவிட்டது! சரக்கு மிக மோசமாக இருந்தால் சோதனையில் மாட்டாமல் தப்ப முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

ஆக ஆபத்து நடுவில் இருக்கிறது. மாட்டிக்கொள்ளும் அளவுக்கு மோசமும் இல்லாமல், கவலைப்படாமல் விடும் அளவுக்கு நல்லதும் இல்லாமல் வரும் சரக்குதான் உங்களுக்கு எதிரி. நூற்றுக்கு மூன்று பிழை என்றால் 100 தொகுதியில் சுமார் 55 தாண்டும். ஒவ்வொன்றிலும் 13, 14 பிழை. மொத்தம் 50,000 சாரனில் ஏறக்குறைய 750 பிழை, அதாவது 1.5 வீதம். உள்ளே வருவது நாலு வீதமானால் வெளியே போவது 1.44க்கு இறங்குகிறது, ஐந்தானால் 1.26. வெளியே போகும் பிழை இப்படி ஏறிப் பிறகு இறங்குவதை ஒரு மேடு என்று வைத்துக்கொண்டால், அந்த மேட்டின் உச்சி மூன்றுக்குச் சற்று மேலே, உள்ளே வருவது 3.2 வீதமாகும் இடத்தில் இருக்கிறது. அங்கேயும் வெளியே போவது ஏறக்குறைய 1.5 வீதம்தான். கிழமைக்குக் கிழமை எப்படி மாறி மாறி வந்தாலும், உச்சிக்கு மேலே போகாத எண்களின் சராசரி உச்சியைத் தாண்டாது. அதனால்தான் உங்களுக்கு வருவது எத்தனை வீதம் என்று தெரியாமலே ஒரு எல்லையைச் சொல்ல முடிகிறது.

தரக் கட்டுப்பாட்டில் கடைக்குப் போகும் அந்தச் சராசரியை ஏஓகியூ என்பார்கள், மேட்டின் உச்சியை ஏஓகியூஎல் என்பார்கள். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டாட்ஜ், ரோமிக் என்ற இருவர் தொலைபேசிப் பாகங்களைச் சோதிக்க வகுத்த கணக்கு இது. சாரனுக்கும் அப்படியே பொருந்தும், ஏனென்றால் விரித்துப் பார்ப்பதால் சாரன் கெடுவதில்லை. வெடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்கிற பட்டாசுக்கு இந்த வழி கிடையாது.

உங்கள் எண்களை நீங்களே மாற்றிப் பார்க்க விரும்பினால் எக்செலில் ஒரு கட்டம் போதும்:

```
=0.03*BINOM.DIST(1,50,0.03,TRUE)*(500-50)/500
```

இரண்டு இடத்திலும் உள்ள 0.03தான் உள்ளே வரும் பிழை. அதை 0.01இலிருந்து 0.10 வரை மாற்றிக்கொண்டே போனால் மேடு ஏறி இறங்குவது தெரியும்.

இப்போது "சராசரியில்" என்ற சொல்லுக்கு வருகிறேன். மேலே மூன்று வீதக் கணக்கைத் திரும்பப் பாருங்கள். ஒன்றரை வீதம் பிழையோடு ஒரு தொகுதிகூடக் கடைக்குப் போகவில்லை! சுத்தம் செய்த தொகுதியில் பிழையே இல்லை. தாண்டிப் போன தொகுதியில் 500க்கு 13, 14, அதாவது 2.7 வீதம். இரண்டும் கலந்தால்தான் ஒன்றரை. கடைக்காரர் ஒரு பொதியை மட்டும் பிரித்து எண்ணி, "14 பிழை இருக்கு, நீங்கள் ஒன்றரை வீதம் என்றீர்களே" என்று கேட்டால் அவர் எண்ணியதும் சரி, உங்கள் கணக்கும் சரி. மோசமான கிழமையில் தப்பிப்போகும் அந்த இரண்டு மூன்று தொகுதி இன்னும் கொடுமை. ஒவ்வொன்றிலும் 45 பிழை கிடக்கும். ஆண்டுக்கணக்கைச் சராசரி பார்த்துக்கொள்ளும், ஆனால் அந்த ஒரு பொதியை வாங்கியவருக்குச் சராசரியால் என்ன பயன்?

எனவே கடைக்காரருக்கு மூன்று வசனமாக எழுதுங்கள். "நாங்கள் அனுப்பும் எல்லாத் தொகுதிகளையும் சேர்த்துப் பார்த்தால் பிழை சராசரியில் 1.5 வீதத்துக்கு மேல் போகாது. தனி ஒரு தொகுதியில் இதைவிடக் கூட இருக்கலாம். ஆனால் எட்டு வீதம் பிழையுள்ள தொகுதி வந்தால் பத்துக்கு ஒன்பது தடவை எங்கள் சோதனையிலேயே நின்றுவிடும்." இரண்டாவது வசனம் அவருக்குப் பிடிக்காமல் போகலாம். இருந்தாலும் எழுதுங்கள்.

இந்த ஒன்றரை வீதம் நிற்பதும் விழுவதும் உங்கள் கொட்டகையில் நடப்பதில்தான் இருக்கிறது. நான் கண்டவரையில் முதலில் சறுக்குவது முழுச் சோதனை. மட்டக்களப்புப் பக்கம் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில், நிராகரித்த தொகுதியை முழுக்கப் பார்க்கும் மேசைக்கு ஒரு நாள் 20 பிழைச் சட்டைகளை நானே கலந்து அனுப்பினேன். உள்மடிப்பில் யாருக்கும் தெரியாத ஒரு நூல் அடையாளம். மாலையில் திரும்பி வந்தது 16. பிள்ளைகள் சோம்பலாக இருக்கவில்லை. 400 சட்டை பார்த்த கண் அப்படித்தான்.

20க்கு 16 என்றால் பிழையில் ஐந்தில் ஒன்று நழுவுகிறது. சிறிய ஓட்டை போலத் தெரியும். ஆனால் உங்கள் மேட்டின் வலது பக்கச் சரிவு முழுக்க அந்த முழுச் சோதனையால் உண்டானது. முதல் 50ஐ நீங்களே கவனமாகப் பார்த்தாலும், மீதி 450இல் ஐந்தில் ஒன்று நழுவினால், எட்டு வீதப் பிழை வரும் கிழமையில் கடைக்குப் போவது 0.6 அல்ல, 1.9 வீதம். 15 வீதம் வந்தால் 2.7. மேடு இறங்காமல் ஏறிக்கொண்டே போகிறது. உச்சி என்று ஒன்றே இல்லாமல் போகிறது. அதனால் மாதத்தில் ஒரு முறை, இழை விட்டது, சாயத் திட்டு உள்ளது, விளிம்பு கோணியது என்று 20 சாரனை எடுத்து, மூட்டுத் தையலில் உங்களுக்கு மட்டும் தெரியும் அடையாளம் வைத்துக் கலந்து விடுங்கள். எத்தனை திரும்பி வருகிறது என்று எண்ணுங்கள். 20ம் வராத மாதத்தில் ஒன்றரை வீதத்தை நம்ப வேண்டாம். விளக்கு வெளிச்சம், இடைவேளை, இரண்டாவது ஆள், இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது பெருநாள் நெருக்கத்தில் வரும் ஆசை. 50இல் இரண்டு பிழை வந்துவிட்டது, லொறி வாசலில் நிற்கிறது, "இன்னொரு ஐம்பது எடுத்துப் பார்ப்போமே" என்று யாராவது சொல்வார்கள். அந்த இரண்டாவது ஐம்பது தாண்டியதும் அனுப்பிவிடுவது வழக்கமானால், ஐந்து வீதம் பிழை வரும் கிழமையில் கடைக்குப் போவது 1.26இலிருந்து 2 வீதத்துக்கு மேல் ஏறிவிடும். தொகுதியைத் தறிக்காரரிடம் திருப்பிக் கொடுத்து, அவர் அதையே பிறகு கொண்டுவர, மறுபடி 50 பார்ப்பதும் இதே கதைதான்.

பிழைக்குப் பதில் வைக்கும் சாரனும் விரித்துப் பார்த்ததாக இருக்க வேண்டும். தட்டிலிருந்து மடிப்போடு எடுத்து வைத்தால் ஒரு பிழையை எடுத்து இன்னொன்றை வைத்த மாதிரி ஆகலாம். அப்புறம், 50ஐ மேலிருந்து எடுக்காதீர்கள். கட்டின் மேலே நல்லதை வைப்பது எந்தத் தொழிலிலும் நடப்பதுதான். 20 சாரனாக 25 கட்டு வருகிறது என்றால் ஒவ்வொரு கட்டிலும் இரண்டு, இடம் மாற்றி மாற்றி இழுங்கள்.

ஒன்றரை வீதம் கடைக்காரருக்குப் போதாது, ஒரு வீதம் வேண்டும் என்கிறாரா? "ஒன்று வந்தால் விடு, இரண்டு வந்தால் பிரி" என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டு 50க்குப் பதில் 72 பாருங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளும் முன் வேலைச் செலவையும் கணக்கில் எடுங்கள். இப்போதைய 50 முறையிலேயே, ஒரு வீதம் பிழை வரும்போது தொகுதிக்குச் சராசரியாக 90 சாரன்தான் விரிக்கிறீர்கள். மூன்று வீதம் வரும்போது அது 250, ஐந்து வீதத்தில் 374.

உங்களுக்கு வருவது எத்தனை வீதம் என்று அறியத் தனிச் சோதனை வேண்டாம். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் 50இல் வந்த பிழையைத் தறிக்காரர் பெயரோடு ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். 20 தொகுதிக்குப் பிறகு அது 1,000 சாரன். அதில் 30 பிழை என்றால் நீங்கள் நிற்பது ஏறக்குறைய மேட்டின் உச்சியில். அந்த 30இல் யாருடைய தறியிலிருந்து எத்தனை வந்தது என்று கொப்பியே சொல்லும். 250 சாரன் விரிக்கும் கூலியை யாரோடு பேச வேண்டும் என்பதும் அப்போது தெரிந்துவிடும்.