நிச்சயதார்த்தச் செய்தியை ஆங்கிலத்தில் எழுத

“‘இறைவன் அருளாலும் பெரியோர் ஆசியாலும் எங்கள் செல்வ மகளின் நிச்சயதார்த்தம் இனிதே நடந்தேறியது.’ தமிழ் படிக்கத் தெரியாத சொந்தங்களுக்கு இதை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். சந்தோஷம் தெரியணும், பீற்றலாக இருக்கக்கூடாது. – பினாங்கிலிருந்து”

அக்கா, வாழ்த்துகள்! இப்படி அனுப்பலாம்: “வித் காட்ஸ் கிரேஸ் அண்ட் த பிளெஸ்ஸிங்ஸ் ஆஃப் அவர் எல்டர்ஸ், வி ஆர் ஹேப்பி டு ஷேர் தட் அவர் டாட்டர் இஸ் எங்கேஜ்ட்.” ‘டாட்டர்’ என்பதற்குப் பின் மகள் பெயர், கடைசியில் ‘டு’ போட்டு மாப்பிள்ளை பெயர்.

‘செல்வ மகள்’ என்பதில் செல்வத்தை விட்டுவிடுங்கள். தமிழில் அது வழக்கம். ஆங்கிலத்தில் ‘பிலவட்’ என்று போட்டால் மேடைப் பேச்சு மாதிரி ஆகிவிடும். ‘பிரவுட் டு அனௌன்ஸ்’ வேண்டாம், பீற்றல் அங்கேதான் நுழையும். மாப்பிள்ளையின் படிப்பும் வேலையும் கூட வேண்டாம். கேட்பவர்கள் எப்படியும் போன் பண்ணிக் கேட்பார்கள்!

விழா ஏற்கெனவே முடிந்துவிட்டதே, “எங்களை ஏன் கூப்பிடலை?” என்று யாராவது முகம் சுளிக்கலாம். அதற்கு ஒரு வரி: “இட் வாஸ் எ ஸ்மால் ஃபங்ஷன் அட் ஹோம். வி வில் இன்வைட் யூ பெர்சனலி ஃபார் த வெட்டிங்.” அழைக்கப் போகிறவர்களுக்கு மட்டும் இந்த இரண்டாவது வாக்கியத்தை வையுங்கள்.