பி.ஏ.வுக்கு எழுதும்போது: பாம்பன் முதல் தொண்டி வரை வந்த கேள்விகள்

ஒரு பெரிய அதிகாரியிடம் 14 வருடம் பி.ஏ.வாக இருந்தேன். அவரைப் பார்க்க வேண்டும் என்று வந்த கடிதங்களை எல்லாம் முதலில் படித்தவள் நான்தான். அந்த நாற்காலியில் இருந்து பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதில்கள்.

அக்கா, கலெக்டரைப் பார்க்க நேரம் கேட்டு பி.ஏ.வுக்கு மூன்று மெயில் போட்டுவிட்டோம், பதிலே இல்லை. எம்.எல்.ஏ.விடம் சொல்லி நேராகப் பேசிவிடலாமா? (நாட்டுப்படகு சங்கச் செயலாளர், பாம்பன் தெற்குவாடி)

முதலில், யாருக்குப் போட்டீர்கள் என்று பாருங்கள். கலெக்டர் அலுவலகத்தில் ‘நேர்முக உதவியாளர் (பொது)’ என்று இருப்பவர் துணை ஆட்சியர் நிலையில் உள்ள அதிகாரி. பெயரில் உதவியாளர் என்று இருக்கிறதே தவிர, கலெக்டரின் அன்றாட நேரத்தைக் குறித்து வைப்பது பெரும்பாலும் கேம்ப் கிளர்க்தான். அலுவலகப் பொது எண்ணுக்குப் போன் போட்டு, “ஐயாவைச் சந்திக்க நேரம் கேட்டு யாருக்கு எழுத வேண்டும்?” என்று மட்டும் கேளுங்கள். விஷயத்தைப் போனில் ஆரம்பிக்க வேண்டாம்.

அடுத்தது, நீங்கள் எனக்கு அனுப்பிய அந்த மெயில். “எங்கள் பகுதி மக்களின் நீண்டநாள் கோரிக்கைகள் குறித்து” என்று தொடங்கி, நான்கு கோரிக்கை, 11 பேர் கையெழுத்து, ஆறு பக்க ஸ்கேன், கடைசியில் “உடனடியாக”. இதை வைத்துக்கொண்டு பி.ஏ. என்ன செய்வார் என்று யோசியுங்கள். மாலையில் கோப்புகளில் கையெழுத்து வாங்கும்போது, இரண்டு கோப்புக்கு நடுவில் ஒரு மூச்சில் சொல்லியாக வேண்டும். அதிகாரி கேட்பது எப்போதும் ஒன்றுதான்: யார், எதற்கு, ஏன் என்னிடம், எவ்வளவு நேரம். இந்த நாலுக்கும் உங்கள் மெயிலில் பதில் இல்லை என்றால் பி.ஏ. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போகவே மாட்டார், ஏனென்றால் பதில் தெரியாமல் நிற்கப்போவது அவர்தான். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: சந்திக்க நேரம் கேட்டு – தெற்குவாடி படகுத்துறை தூர்வாருதல் – 3 பேர், 15 நிமிடம்
>
> வணக்கம் ஐயா. தெற்குவாடி நாட்டுப்படகு மீனவர் சங்கத்தின் செயலாளர் எழுதுகிறேன். துறையின் வாயில் மணல் சேர்ந்து, வற்றம் நேரத்தில் படகு தரை தட்டுகிறது. மீன்வளத் துறையில் மனு கொடுத்தோம், துறை ஆய்வும் செய்தது (மனு ரசீதும் ஒரு பக்கக் குறிப்பும் இணைப்பில்). வேலையை எந்தத் துறை எடுப்பது என்பதில் நிற்கிறது, அதை முடிவு செய்யக் கலெக்டர் அவர்களின் உத்தரவு தேவைப்படுகிறது.
>
> செவ்வாய், வியாழன் எந்த நேரமானாலும் வருகிறோம். அவரைப் பார்க்கும் முன் வேறு அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், அங்கே போகிறோம்.

“ஏன் என்னிடம்” என்பதற்குப் பதில் ‘எந்தத் துறை எடுப்பது’ என்ற வரியில் இருக்கிறது. கீழே ஒருவர் முடிக்கக்கூடிய வேலை இல்லை இது என்று அந்த வரி சொல்லிவிடுகிறது. மற்ற மூன்று கோரிக்கையும் நியாயமானவைதான், ஆனால் இந்த மெயிலில் வேண்டாம். அவற்றைச் சேர்த்தால் “திங்கள்கிழமை மனு நாளில் வரச் சொல்லுங்கள்” என்றுதான் பதில் வரும். கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தாலும் பி.ஏ.வுக்கு அது ஒரு வழி விடுகிறது, அதனால் பதில் எழுதுவார்.

பதில் வராவிட்டால் ஐந்து வேலை நாள் பொறுத்து, அதே மெயிலுக்குக் கீழேயே இரண்டு வரி போடுங்கள். புது மெயில் போட்டால் பழையதைத் தேடும் வேலை அவர் தலையில் விழும். அதற்கும் பதில் இல்லை என்றால் ஒரு போன், மாலை நான்கு மணிக்கு மேல். காலையில் கூப்பிடவே கூடாது, அன்றைய நிகழ்ச்சி மாறிக்கொண்டே இருக்கும் நேரம் அது. அதுவும் ஆகவில்லை என்றால் மீனவர் குறைதீர் கூட்டத்தில் போய்ப் பேசுங்கள். அது யாரையும் தாண்டிப் போவது ஆகாது, எல்லாருக்கும் திறந்து வைத்த கதவு.

எம்.எல்.ஏ. சொன்னால் தப்பில்லை. ஆனால் அவர் பேசப்போகிறார் என்று முந்தின நாளே பி.ஏ.வுக்கு எழுதிவிடுங்கள். மேலிருந்து போன் வந்த பிறகு “இது என்ன, உங்களிடம் வந்ததா?” என்று கேட்கப்பட்டு முழித்தவர் உங்கள் பெயரை மறக்க மாட்டார்.

பி.ஏ. “பார்க்கிறேன்” என்று சொன்னால் முடியும் என்று அர்த்தமா? (தேவிபட்டினம்)

பெரும்பாலும் இன்னும் உள்ளே கேட்கவில்லை என்று அர்த்தம். “டூர் இருக்கு, அடுத்த வாரம் கேளுங்க” என்றால் நிஜமாகவே டூராக இருக்கும், எந்த நாள் கேட்க என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டு அந்த நாளில் கூப்பிடுங்கள். “விவரமா மெயில் போடுங்க” என்றால் நீங்கள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. “அந்த செக்‌ஷன்ல பார்த்தீங்களா?” என்றால் அது மென்மையான மறுப்பு, அந்த செக்‌ஷனுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, அங்கே என்ன சொன்னார்கள் என்று எழுதினால் மறுபடி கேட்க உங்களுக்கு இடம் இருக்கும். போகாமலே திரும்பக் கேட்டால் இருக்காது.

சென்னையில் ஒரு கம்பெனியின் எம்.டி. எங்கள் ஊர்க்காரர். மாமா மூலம் அவர் வாட்ஸ்அப் நம்பர் கிடைத்தது. பி.ஏ. நாலு நாளாகப் பதில் சொல்லவில்லை, நேரடியாகப் போடலாமா? (கீழக்கரை)

போடாதீர்கள். அவர் அதைத் திறந்து பார்த்து, அப்படியே பி.ஏ.வுக்குத்தான் தள்ளிவிடுவார். நீங்கள் தாண்டிப் போனது அந்த நிமிடமே பி.ஏ.வுக்குத் தெரிந்துவிடும். மெயிலின் Cc-யில் எம்.டி. பெயரைப் போடுவதும் இதே கதைதான். மாமாவின் பழக்கத்தைப் பி.ஏ.விடமே வெளிப்படையாகச் சொல்லுங்கள்: “எங்கள் மாமாவுக்கு சாரை நன்றாகத் தெரியும், ஆனால் நேரம் உங்கள் மூலம் கேட்பதுதான் முறை என்று எழுதுகிறேன்.” நான் பி.ஏ.வாக இருந்தபோது இப்படி எழுதியவர்களுக்காக நானே ஒருபடி கூடுதலாகப் பேசியிருக்கிறேன். எம்.டி.யே எப்போதாவது நம்பர் கொடுத்து “கூப்பிடுப்பா” என்று சொல்லியிருந்தால் அது வேறு, அப்போதும் “நேரம் யாரிடம் கேட்க?” என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேலதிகாரி ஒருவரைப் பற்றிப் புகார் சொல்ல நிர்வாகத் தலைவரைப் பார்க்க வேண்டும். விஷயம் என்ன என்று பி.ஏ. கேட்கிறார். சொல்ல பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், தொண்டி)

பயப்படுவதில் நியாயம் இருக்கிறதம்மா. “பர்சனல்” என்று மட்டும் எழுதினால் அவர் அதை ஓரமாக வைத்துவிடுவார், கடன் கேட்க வருபவர்களும் அதைத்தான் எழுதுகிறார்கள். வகையைச் சொல்லுங்கள், விவரத்தைச் சொல்லாதீர்கள்: “ஒரு பணியாளரின் நடத்தை பற்றிய புகார். பெயரும் விவரமும் அவரிடம் மட்டும் சொல்ல விரும்புகிறேன். 20 நிமிடம் போதும். மூடிய உறையில் கடிதமாகத் தர வேண்டும் என்றாலும் தருகிறேன்.” நல்ல பி.ஏ. இதற்கு மேல் கேட்க மாட்டார். புகார் பாலியல் தொல்லை பற்றியது என்றால் தலைவரைச் சந்திக்கக் காத்திருக்க வேண்டாம். 2013 சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும், எழுத்து மூலம் கொடுக்க மூன்று மாதக் கெடு இருக்கிறது. அந்தக் கெடு பி.ஏ. தேதி கொடுக்கும் வரை நிற்காது.

நேரம் வாங்கிக் கொடுத்த பி.ஏ.வுக்கு ஒரு பெட்டி கருப்பட்டி கொடுக்கலாமா? (சாயல்குடி)

வேண்டாம், அவரைச் சங்கடப்படுத்தும். சந்திப்பு முடிந்த அன்றே “15 நிமிடத்தில் முடிந்தது, ஐயா இன்னாரைப் பார்க்கச் சொன்னார், நாளை போகிறோம்” என்று ஒரு மெயில் போடுங்கள். உள்ளே என்ன பேசினீர்கள் என்பது பல நேரம் பி.ஏ.வுக்குத் தெரியாது, அந்த மெயிலை அவர் உங்கள் பெயரோடு சேர்த்து எடுத்து வைப்பார்.