முட்டை, பனீர், காய்கறி: ஒரு நாள் கீட்டோ கணக்கு

மூன்று வேளையும் முட்டை, பனீர், காய்கறிதான். கொழுப்பும் புரதமும் என்ன விகிதத்தில் வரும்?

ஒரு நாளை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். காலையில் மூன்று முட்டை ஆம்லெட், 15 கிராம் நெய்யில். ஓடு நீக்கிய முட்டை 50 கிராம் என்றால் ஒன்றில் புரதம் 6 கிராமுக்குச் சற்று மேல், கொழுப்பு 5 கிராம். ஆக, கொழுப்பு 30, புரதம் 19.

மதியம் 150 கிராம் பனீர், 150 கிராம் காலிஃபிளவர், 15 கிராம் தேங்காய் எண்ணெய். 100 கிராம் பனீரில் கொழுப்பு 22, புரதம் 18 என்று உறையில் இருந்தால், இந்த வேளைக்குக் கொழுப்பு 48, புரதம் 30.

இரவு இரண்டு முட்டை, 50 கிராம் பனீர், 100 கிராம் பசலைக்கீரை, 20 கிராம் வெண்ணெய். வெண்ணெயில் கொழுப்பு ஏறக்குறைய 80 சதவீதம்தான் என்பதால் 16 என்று எழுதுங்கள். கொழுப்பு 37, புரதம் 24.

மொத்தம் கொழுப்பு 115, புரதம் 73. வகுத்தால் 1.6. நெய்யும் எண்ணெயும் வெண்ணெயும் இல்லாவிட்டால் இது 1-ஐக்கூடத் தொடாது.

எடையில் 1.6 மடங்குதான் என்றால், கீட்டோவில் 75 சதவீதம் கொழுப்பு என்கிறார்களே, அது எப்படி?

அது கலோரிக் கணக்கு. கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, புரதமும் மாவுச்சத்தும் 4. மேலே சொன்ன உணவில் மாவுச்சத்து சுமார் 14 கிராம். கொழுப்பிலிருந்து 1035, மொத்தம் 1383. அதுவே 75 சதவீதம். இரண்டும் ஒரே தட்டைத்தான் சொல்கின்றன. ஒன்றின் இலக்கை மற்றதற்கு வைத்துவிடாதீர்கள்.

அதே அளவில் சமைத்தும் என் கணக்கு 1.1-க்கு இறங்கிவிட்டது. எங்கே தவறு?

முதலில் பனீர் உறையைப் பாருங்கள். கொழுப்பு குறைத்த பனீரில் 100 கிராமுக்கு 5 கிராம் கொழுப்புதான் என்றால், 200 கிராமில் 34 கிராம் போய்விடும். 115 என்பது 81 ஆகும். விகிதம் 1.1. அந்த வகைப் பனீரில் புரதம் கூடுதலாக இருந்தால் இன்னும் இறங்கும்.

அடுத்தது வாணலி. பனீரைத் தட்டில் எடுத்த பிறகு அடியில் பளபளவென்று நிற்கும் எண்ணெய், நீங்கள் சாப்பிடாத கொழுப்பு. காலிஃபிளவரை அதிலேயே பிரட்டி, வாணலியை வழித்துத் தட்டில் சேர்த்துவிடுங்கள். நெய்யைக் கரண்டியால் அளக்காமல், ஜாடியைத் தராசில் வைத்து எடுப்பதற்கு முன்னும் பின்னும் பாருங்கள். பனீரை வறுப்பதற்கு முன்பே நிறுக்க வேண்டும்; வறுத்தால் நீர் வற்றி எடை குறையும், உறையின் எண்கள் பொருந்தாது.

வலிப்பு நோய்க்கு மருத்துவர் 3:1 என்கிறார். இந்த உணவு போதுமா?

போதாது. அந்தக் கணக்கில் கொழுப்பைப் புரதம், மாவுச்சத்து இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். இங்கே 115-ஐ 87-ஆல் வகுத்தால் 1.3தான். நெய்யை மட்டும் கூட்டி அதை எட்ட முயல வேண்டாம். புரதத்தையும் குறைத்து, மருத்துவரும் உணவியலாளரும் எடை பார்த்து வகுத்துத் தர வேண்டிய உணவு அது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்களும் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்ட பிறகே கீட்டோ தொடங்க வேண்டும். மாவுச்சத்து திடீரென்று குறைந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக்கூடும்.